வசனம் இணைக்கப் போய் மாட்டிக்கொண்ட கதைகள்

பரந்தன் அம்மா

மகள் பத்தாம் ஆண்டு. போன கிழமை ஆங்கிலச் சோதனை. இரண்டு வசனம் தந்து, சொல்லப்பட்ட இணைப்புச் சொல்லைப் போட்டு ஒன்றாக்கச் சொல்லும் அதே பழைய கேள்விதான். "வீதியில் வெள்ளம் நின்றது. நாங்கள் பள்ளிக்கூடம் போனோம்." இதை டிஸ்பைட் போட்டு இணைக்க வேண்டும். அவள் எழுதியது: "டிஸ்பைட் த ரோட் வோஸ் ஃபிளடட், வீ வென்ட் டு ஸ்கூல்." சைபர். அடுத்த கேள்விக்கு இதே அச்சில் ஓல்தோ போட்டு எழுதியிருக்கிறாள். அதற்கு முழுப் புள்ளி.

வீதியில் வெள்ளம் நின்றும் போனோம். தமிழில் இதில் என்ன குறை? 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்த நாட்களில் இங்கே இருந்தவர்களுக்கு இந்த வசனத்தை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கொப்பியையும் தூக்கிக்கொண்டு நேரே ரீச்சரிடம் போய்விட்டேன்.

அவர் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. டிஸ்பைட் என்ற சொல்லை விரலால் மூடினார். "கமா வரைக்கும் வாசியுங்கோ" என்றார். "த ரோட் வோஸ் ஃபிளடட்." "இது தனிய நிக்குதோ?" "நிக்குது." "அப்ப இதுக்கு முன்னால டிஸ்பைட் வராது." அவ்வளவுதான், விரலை எடுத்துவிட்டு அடுத்த பிள்ளையின் கொப்பியைத் திருத்தத் தொடங்கிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த விரல்தான் கண்ணில் நின்றது. தனியாக நின்றால் ஏன் வரக்கூடாது என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

மல்லாவி சுதன்

அக்கா, அரைப் புள்ளியாவது போட்டிருக்கலாம். கருத்து விளங்குகிறதுதானே.

என் கதை ஓல்தோ. ரியூசன் கொட்டகை, மேலே கிடுகு, மழை வந்தால் சேரின் குரலே கேட்காது. "ஓல்தோ ஹீ வோஸ் புவர், பட் ஹீ வோஸ் ஒனெஸ்ட்" என்று எழுதினேன். சேர் என்னை எழுப்பி, தன் ஒற்றைச் செருப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். "உன்ர வலது காலுக்குச் செருப்பு இருக்கு. அதே காலுக்கு இன்னொண்டும் போடுவியோ?" கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அன்றைக்குப் பிறகு ஓல்தோ வந்த வசனத்தில் நான் பட் போட்டதே இல்லை.

அதனால் சொல்கிறேன், மகளுக்கு மூன்று விதி போதும். ஓல்தோ வந்தால் பட் வராது. டிஸ்பைட் எழுதினால் பின்னால் ஒஃப் சேர்க்க வேண்டும், இன் ஸ்பைட் ஒஃப் மாதிரி. பிகோஸில் ஒருநாளும் வசனம் தொடங்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், காலையில் எழும்பியதும் ஒருமுறை வாசிக்கட்டும். நான் அப்படித்தான் ஓ.எல். தாண்டினேன். எனக்குக் காலையில் படித்ததுதான் நின்றது, இரவில் படித்தது நிற்கவில்லை. போனையும் கையில் கொடுக்காதீர்கள்.

ஒட்டுசுட்டான் பழைய ரீச்சர்

சுதன் தம்பி, செருப்புக் கதை அருமை, முதல் விதி சரி. மற்ற இரண்டையும் சுவரில் இருந்து கழற்றிவிடுங்கள்.

டிஸ்பைட்டுக்கு ஒஃப் கிடையாது. இன் ஸ்பைட் ஒஃப் மூன்று சொல், அதற்கு ஒஃப் உண்டு. இரண்டும் ஒரே பொருள் என்பதால் ஒன்றின் வால் மற்றதில் ஒட்டிவிடுகிறது. பிகோஸில் வசனம் தாராளமாகத் தொடங்கலாம். பிள்ளைகள் "பிகோஸ் இட் வோஸ் ரெய்னிங்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போவதால்தான் ஆசிரியர்கள் அப்படித் தடை போட்டார்கள். கமா போட்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தால் குறையே இல்லை.

பரந்தன் அம்மாவின் ஏனுக்கு வருகிறேன். எங்கள் மொழிதான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. "மழையால் போகவில்லை" என்கிறோம். "மழை பெய்ததால் போகவில்லை" என்றும் சொல்கிறோம். பெயரில் ஒட்டுவதும் ஆல், வினையில் ஒட்டுவதும் ஆல். ஆங்கிலத்தில் அந்த ஒரு ஆலுக்கு இரண்டு சொல்: பெயர் வந்தால் பிகோஸ் ஒஃப், முழு வசனம் வந்தால் பிகோஸ். மழையிலும் போனோம், மழை பெய்தும் போனோம் என்பதும் அப்படித்தான். முதலாவதுக்கு டிஸ்பைட், இரண்டாவதுக்கு ஓல்தோ. உங்கள் ரீச்சரின் விரல் பார்த்தது அதைத்தான். மூடிய பிறகு மிச்சம் தனியாக நின்றால் அது வசனம், ஓல்தோவுக்கோ பிகோஸுக்கோ உரியது. "த ஹெவி ரெய்ன்" மாதிரி நிற்க முடியாமல் விழுந்தால்தான் மற்ற இரண்டும்.

ஆகவே டிஸ்பைட் என்று கேட்டால் முதல் வசனத்தை விழுத்த வேண்டும். வோஸைத் தூக்குங்கள். வெள்ளம் நின்ற வீதி என்று பெயராக்குங்கள். "டிஸ்பைட் த ஃபிளடட் ரோட், வீ வென்ட் டு ஸ்கூல்." முடிந்தது.

இதையே கண்ணை மூடிக்கொண்டு செய்தால் வேறு விபத்து வரும். எனக்கு இன்னும் உறுத்துகிற ஒரு பெடியன் இருக்கிறான். "பிகோஸ் ஒஃப் மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், ஐ நோ எபவுட் பெடி" என்று எழுதினான். பிழை என்றேன். இஸ் எ ஃபார்மரை வெட்டிவிட்டு "பிகோஸ் ஒஃப் மை ஃபாதர்" என்று கொண்டுவந்தான். இலக்கணம் சரி, புள்ளி போட்டுவிட்டேன். பிறகுதான் பார்த்தேன், அப்பா கமக்காரர் என்ற செய்தியே வசனத்தில் இல்லை. அப்பாவால்தான் தெரியும் என்று மட்டும் நிற்கிறது. அப்பாவின் தொழிலால் என்று, "மை ஃபாதர்ஸ் வேர்க்" என்றாவது எழுதச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது அந்தக் கேள்விக்கு பிகோஸ் மட்டும் தந்திருக்க வேண்டும். பிழை கேள்வி போட்ட என்னில்.

முழங்காவில் மூர்த்தி

இணைப்புச் சொல் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். பத்திரிகைக்காரரே "பெய்தபோதிலும் ஆனால்" என்று எழுதும் காலம் இது. நான் ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தேன்: "யானை வந்து நெல்லை அழித்தபோதிலும் எங்கள் பக்கம் மின்வேலி இல்லை." அங்கிருந்த பிள்ளை வாசித்துவிட்டு, "ஐயா, யானை வந்தால் வேலி தானாய் முளைக்குமோ?" என்று கேட்டது. வேலி இல்லாததால் யானை வந்தது என்றுதான் நான் சொல்ல நினைத்தது. கடிதம் கொஞ்சம் கனதியாக இருக்கட்டும் என்று போதிலும் போட்டேன். கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

பரந்தன் அம்மா

ஐயா, இது மகளின் ஆங்கிலப் பாடம். ஆனாலும் உங்கள் யானை ரீச்சர் சொன்னதோடு சேர்ந்துதான் வருகிறது.

விசுவமடு குகன்

என்னை உதைத்தது ஹவ்எவர். ஒரு திட்டத்தில் வேலை, மாதம் ஒரு ஆங்கில அறிக்கை. கிணறு திருத்தியதைப் பற்றி எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி: கிணறு திருத்தப்பட்டது, கமா, ஹவ்எவர், கமா, தண்ணீர் உப்பு, கமா, பன்னிரண்டு குடும்பம் பாவிக்கிறது. ஒரே வசனம். கொழும்பிலிருந்து மேலதிகாரி எடுத்தார். "அந்தத் தண்ணியைக் குடிக்கிறாங்களா இல்லையா?"

குடிக்கவில்லை. குளிக்கவும் தோய்க்கவும் பாவித்தார்கள். ஆனால் என் வசனத்தில் ஹவ்எவர் எந்தப் பக்கத்தை எந்தப் பக்கத்தோடு மறிக்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கிறேன், இரண்டு விதமாகவும் வருகிறது.

பிறகுதான் விளங்கியது, ஹவ்எவர் பட் மாதிரி ஒட்டும் சொல் இல்லை. பட் ஒரு கமாவோடு இரண்டு வசனத்தை ஒன்றாக்கிவிடும். ஹவ்எவர் ஒட்டாது. முதல் வசனத்தை முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வைத்து முடித்துவிட்டு, அடுத்ததில் ஹவ்எவர் எழுதி, அதன் பிறகு கமா. "த வெல் வோஸ் ரிப்பெயர்ட்." நிறுத்து. "ஹவ்எவர், த வோட்டர் இஸ் சோல்ட்டி." நிறுத்து. குடும்பங்கள் எதற்குப் பாவிக்கின்றன என்பது மூன்றாவது வசனம். அதனால்தான் இணைக்கச் சொல்லும் பயிற்சியில் ஹவ்எவர் தந்தால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். இணை என்று கேட்டுவிட்டு இணைக்காத சொல்லைக் கொடுக்கிறார்கள்.

மல்லாவி சுதன்

ஹவ்எவருக்குப் பிறகு எப்போதும் கமாவா, அண்ணை?

விசுவமடு குகன்

இல்லை. "ஹவ்எவர் ஹார்ட் வீ பம்ப்ட்" என்றால் எவ்வளவு இறைத்தும் என்று பொருள். அது வேறு ஆள், அவருக்குக் கமா போட்டால் வசனம் செத்துவிடும்.

கிளிநொச்சி ஏ.எல். மாணவி

நான் ரீச்சர் சொன்ன மாதிரி விழுத்தித்தான் எழுதினேன். "ஐ வோஸ் லேட். த ரீச்சர் லெட் மீ இன்." டிஸ்பைட் கேட்டார்கள். வோஸைத் தூக்கி பீயிங் போட்டேன்: "டிஸ்பைட் பீயிங் லேட், த ரீச்சர் லெட் மீ இன்." சேர் அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "ஆர் பிந்தினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "வசனம் என்னையெல்லோ சொல்லுது" என்றார். அன்றைக்கு அவரும் பிந்தித்தான் வந்தவர். வகுப்பு சிரித்த சிரிப்பில் முகம் வைக்க இடமில்லை.

ஒட்டுசுட்டான் பழைய ரீச்சர்

பிள்ளை, பீயிங் போட்டால் கமாவுக்குப் பிறகு முதலில் நிற்கிறவர்தான் பிந்தியவர். பிந்தியது நீங்கள் என்றால் நீங்களே அங்கே வர வேண்டும். "டிஸ்பைட் பீயிங் லேட், ஐ வோஸ் லெட் இன்." அல்லது "டிஸ்பைட் மை பீயிங் லேட்" என்று ஆளை முன்னாலேயே சொல்லிவிடலாம், ஆனால் அது கொஞ்சம் விறைப்பு.

ஒன்றுமே கைகொடுக்காவிட்டால் "டிஸ்பைட் த ஃபெக்ட் தட்" என்று எழுதி முழு வசனத்தை அப்படியே வைக்கலாம். இலக்கணத்தில் குறை இல்லை. ஆனால் பெயராக்கும் வேலையைத் தப்பிக்கிற வழி என்று புள்ளி வெட்டுகிறவர்களும் உண்டு. நான் வெட்டுவதில்லை.

மல்லாவி சுதன்

நான் வெட்டுவேன், ரீச்சர். தப்பிக்கிற வழிதானே. அப்படி எழுதப் பழகினால் எல்லா வசனத்துக்கும் அதையே போடுவார்கள்.

பரந்தன் அம்மா

நேற்றிரவு மகளோடு விரலை வைத்து மூடி மூடிப் பார்த்தோம். எட்டில் ஏழு வந்துவிட்டது. எட்டாவது: "பஸ் வரவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்." டிஸ்பைட். அவள் எழுதியது: "டிஸ்பைட் த பஸ் நொட் கமிங், வீ எரைவ்ட் இன் டைம்." மூடினால் விழுகிறது. ஆனால் வாசிக்க என்னவோ போல இருக்கிறது. சரியா?

மல்லாவி சுதன்

பிழை. நொட்டுக்கு முன்னால் ஒரு வினை வேண்டும்.

ஒட்டுசுட்டான் பழைய ரீச்சர்

சரிதான், அம்மா. டிஸ்பைட்டோடு நொட் அப்படித்தான் நிற்கும். என்னவோ போல இருப்பதற்குக் காரணம், பஸ் வராததற்கு ஆங்கிலத்தில் கைக்கடக்கமான ஒரு பெயர் இல்லை. ஓல்தோ கேட்டிருந்தால் நீங்கள் இந்த வசனத்தைத் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

மல்லாவி சுதன்

எங்கள் சேரிடம் காட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.