லீட், ஆப்பர்சூனிட்டி, ஃபாலோ-அப்: மூன்றுக்கும் என்ன சொல் போடுவது?

கடைத்தம்பி, திருமலை:
வணக்கம். எங்கள் கடை படகு எஞ்சினும் தண்ணீர்ப் பம்பும் விற்கிறது. விற்பனைக்கு மூன்று பேர். ஓடூ மென்பொருளின் வாடிக்கையாளர் பகுதியை நான்தான் தமிழாக்குகிறேன். லீடுக்கும் ஆப்பர்சூனிட்டிக்கும் இரண்டுக்குமே 'வாய்ப்பு' என்று போட்டுவிட்டேன், அதிலேதான் சிக்கல். கிண்ணியாவில் ஒருவர் 7 இலட்சம் எஞ்சின் ஒன்று கேட்டார். ஒருவனுக்குப் போன் எடுத்தார், இன்னொருவனுக்கு வாட்ஸ்அப் போட்டார், பிறகு கடைக்கே வந்து மூன்றாமவனிடம் கதைத்தார். ஒவ்வொருவனும் ஒரு வாய்ப்பு பதிந்தான். மொத்தம் 21 இலட்சம் என்று திரையில் நிற்கிறது, விற்கப்போவது ஒரு எஞ்சின்தான். முதலாளி அந்தத் தொகையைப் பார்த்துச் சரக்கு எடுக்கப் போகிறார். நல்ல சொல் சொல்லுங்கள்.

பேராசிரியர் அண்ணா:
தம்பி, லீட் என்றால் 'வழிகாட்டி' அல்லவா? குழுத் தலைவரைத்தானே சொல்கிறீர்கள்? எங்கள் அலுவலகத்தில் 'அணித்தலைவர்' என்றுதான் எழுதுவோம்.

கடைத்தம்பி:
இல்லை அண்ணா, தலைவரில்லை. வாங்குவாரோ மாட்டாரோ தெரியாத ஆள். (ஒரு இயந்திர மொழிபெயர்ப்பு அதை 'ஈயம்' ஆக்கியதும் கண்ணால் பார்த்தேன்.)

உப்புவெளி அக்கா:
'விசாரிப்பு' போடுங்கோ. ஊரில் எல்லாரும் சொல்வது. ஆப்பர்சூனிட்டிக்கு 'வாய்ப்பு' இருக்கட்டும், அது பழகிய சொல். ஃபாலோ-அப்புக்குப் 'பின்தொடர்தல்' சரிவராது, பொலிசுக்குச் சொல்லவேண்டிய விஷயம் மாதிரி இருக்கு.

பழைய கணக்காளர்:
அக்கா சொன்னது பாதி சரி. போன் எடுத்து விலை கேட்டவருக்கு 'விசாரிப்பு' பொருந்தும், ஆனால் கண்காட்சியில் வாங்கி வந்த விசிட்டிங் கார்டு ஒரு கட்டு இருக்குமே, அவர்கள் யாரும் ஒன்றும் விசாரிக்கவில்லை, நாம்தான் இனிப் போய்க் கதைக்க வேண்டும். அவர்களும் லீட்தான். அதனால் நான் 'முதல்தொடர்பு' என்பேன். 'வாய்ப்பு' என்ற சொல்லில்தான் தம்பியின் கோளாறு பாதி கிடக்கிறது, ஏனென்றால் வாய்ப்பு எதற்கும் உண்டு, யாரும் எதையும் பதிவான். விலை பேசத் தொடங்கிய நிலைக்குத் தமிழில் 'பேரம்' இருக்கிறது. இன்னும் பேரம் பேசாத ஆளைப் பேரம் என்று பதியப் பையனுக்கே கை கூசும்.

ஆனால் தம்பி, மற்றப் பாதிக்குச் சொல் காரணமில்லை. ஓடூவில் லீட் என்ற படியை அமைப்புகளுக்குள் போய் நீங்களே இயக்க வேண்டும், இயக்காவிட்டால் வருவதெல்லாம் நேரே பேரமாகத்தான் ஏறும். இரண்டும் உள்ளே ஒரே பதிவுதான், `crm.lead`, அதில் `type` என்ற புலம் மட்டும் மாறும். லீடைப் பேரமாக மாற்றும்போது ஏற்கெனவே உள்ள பதிவோடு சேர்க்கலாமா என்று கேட்கும். மின்னஞ்சல் ஒத்திருந்தால் அது உதவும், நம்மூர்ப் படகுக்காரர் எவர் மின்னஞ்சல் தருகிறார்? புதிதாகப் பதியமுன் தொலைபேசி எண்ணைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைத்தம்பி:
சரி, இயக்கிவிட்டேன். இப்போது முதல்தொடர்பு, பேரம் இரண்டும் தனித்தனியே தெரிகிறது. கிண்ணியாக்காரரின் மூன்று பதிவையும் ஒன்றாகச் சேர்த்தேன், 7 இலட்சம் ஆனது. ஆனால் கோப்பில் Lead என்று இருந்த இடமெல்லாம் ஒரே அடியாக மாற்றினேன், இப்படி வந்து நிற்கிறது:

```
msgid "Lead Time"
msgstr "முதல்தொடர்பு நேரம்"
```

பழைய கணக்காளர்:
அது சரக்கு வந்துசேரும் காலம்! வேறு பொருள், வேறு வரி. ஒவ்வொரு msgid-ஐயும் முழுதாக வாசித்துத்தான் மாற்ற வேண்டும், துண்டு தேடி மாற்றினால் இதுதான் நடக்கும்.

உப்புவெளி அக்கா:
'பேரம்' எனக்கு இன்னும் ஒட்டவில்லை, மீன் சந்தை வாசம் அடிக்குது. சரி, அப்ப ஃபாலோ-அப்புக்கு? 'தவணை'?

பழைய கணக்காளர்:
தவணை வேண்டாம், எஞ்சின் தவணைக் காசுக்கு வாங்குகிற ஊரில் குழம்பும். 'மறுதொடர்பு' நல்லது, முதல்தொடர்போடு இணையும். நினைவூட்டலை 'மறுதொடர்பு நாள்' என்று வைக்கலாம். ஒன்று கவனியுங்கள்: கணக்குப் பகுதியிலும் ஃபாலோ-அப் உண்டு, அது காசு கட்டாதவருக்குப் போகும் நினைவூட்டல். அங்கே 'மறுதொடர்பு' போட்டால், கடன் கடிதத்தை வியாபாரப் பேச்சு என்று எண்ணி யாராவது அனுப்பிவிடுவார்கள். அதற்குக் 'கடன் நினைவூட்டல்' என்றே வையுங்கள்.

கடைத்தம்பி:
மறுதொடர்பு நாள் போட்டேன். கெடு தாண்டினால் சிவப்பு, இனி வரவேண்டியது பச்சை. நேற்றுத் திறந்தபோது விற்பனைக்காரர் மூன்று பேருடைய பக்கமும் சிவப்பாகக் கிடந்தது, கிண்ணியாக்காரரின் பதிவு உட்பட. எடுத்துக் கதைத்தேன், வேறு கடையில் வாங்கிவிட்டாராம். இழப்புக் காரணம் கேட்கிறது, அந்த இடத்துக்கு என்ன சொல்?

உப்புவெளி அக்கா:
'கைநழுவியது'.

பேராசிரியர் அண்ணா:
அது அலுவல் மொழி அல்ல.