வழித்த பிறகும் தெரியும் தாடி நிழல்: உங்கள் அனுபவம் என்ன?

சேலம் தம்பி: நான் நல்ல சிவப்பு, முடியோ அடர் கருப்பு. எவ்வளவு ஒட்ட வழித்தாலும் தாடையில் பச்சை படர்ந்தே நிற்கிறது. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். போட்டோவில் தெரியாமல் இருக்க என்ன செய்தீர்கள்?

கோவை அண்ணன்: எதிர்முகமாக இரண்டு தடவை இழுங்கள், போய்விடும். எனக்கு மாலை வரை தாங்குகிறது.

நாடக ஒப்பனைக்காரர்: ஓரளவு குறையும் தம்பி, போகாது. பச்சையாகத் தெரிவது தோலுக்குள் இருக்கும் முடியின் அடிப்பாகம். எதிர்முகமாக அழுத்தி வழித்தால் சுருள் முடிக்காரர்களுக்கு முடி உள்ளேயே வளைந்து கட்டி வரும்.

போன திருவிழாவில் உங்கள் நிறமுள்ள ஒரு பையனுக்கு வள்ளி வேஷம் போட்டேன். முதலில் வெறும் ஃபவுண்டேஷன் தடவிப் பார்த்தோம், தாடை சாம்பல் பூத்துவிட்டது. துடைத்துவிட்டு, பச்சையை அடக்கும் பீச் நிறக் கரெக்டரை நிழல் உள்ள இடத்தில் மட்டும் மெல்லிசாக விரலால் ஒற்றினேன். தேய்த்தால் நகர்ந்துவிடும். மேலே பவுடர், அப்புறம்தான் ஃபவுண்டேஷன், கடைசியில் மறுபடி பவுடர். கரெக்டர் ஆரஞ்சாக வெளியே தெரிந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். வழித்த கையோடு போடாமல் அரை மணி விட்டுப் போடுங்கள், எரியாது. வாசல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், டியூப் லைட் ஏமாற்றும்.

மதுரைக்காரன்: நான் கருப்பு. கழுத்து மட்டும் இன்னும் கருத்துக் கிடக்கிறது, அங்கங்கே பரு. எனக்கும் பீச்தானா?

நாடக ஒப்பனைக்காரர்: கருப்புத் தோலில் பீச் வெளிறித் தெரியும். செங்கல் நிறத்துக்குப் பக்கத்தில் வரும் அடர் ஆரஞ்சு வேண்டும். ஆனால் உங்களுடையது நிழல்தானா என்று பாருங்கள். தோலை இழுத்துப் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரிவது முடி. புள்ளிகளுக்கு நடுவிலும் கருப்பாகவே இருந்தால் அது பரு விட்ட தழும்பு நிறம். அதற்கு ரேசரைக் கொஞ்ச நாள் விட்டு, ட்ரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். தோல் மருத்துவரையும் பாருங்கள்.

திருநங்கை தோழி: நான் மாநிறம். தினமும் மூடி அலுத்துப்போய் லேசருக்குப் போனேன். முதல் இடத்தில் என் நிறத்தைக் கவனிக்காமல் சுட்டதில் கன்னத்தில் கருந்தழும்பு விழுந்தது. அடுத்த மருத்துவர் அடர் நிறத் தோலுக்கும் ஏற்ற 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் கருவியில் சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே தொடங்கினார். சில வாரங்களுக்கு ஒரு முறை, பல தடவை போக வேண்டும். இடையில் வழிக்கலாம், பிடுங்கக்கூடாது. நரை முடிக்கு இது வேலை செய்யாது. தம்பி, ஒரு மாதத்தில் இது நடக்காது.

சேலம் தம்பி: சரி, பீச் வாங்குகிறேன். வியர்த்தால் நிற்குமா?

நாடக ஒப்பனைக்காரர்: மேடை விளக்கில் சிலருக்கு நிற்கிறது, சிலருக்கு மேல் உதட்டில் முதலில் கரைகிறது. விசேஷத்துக்கு முன்னால் ஒருநாள் போட்டு வெயிலில் நடந்து பாருங்கள். வியர்வையைத் துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.