பதில் போடாதவருக்கு இரண்டாவது மெசேஜ்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை

ராணிப்பேட்டையில் 11 வருஷமாக ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். பெரும்பாலும் தோல், ஷூ. போன வருஷம் நடந்த ஒன்று இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு கிளையன்டுக்கு, தோலுக்குக் கடைசியாக நிறமும் பூச்சும் கொடுக்கிற ஃபினிஷிங் வேலையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வாணியம்பாடிப் பக்கம் ஒரு டேனரியில் ஒருவர் இருக்கிறார், ஷேடு மேட்சிங்கில் கெட்டிக்காரர் என்று சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் சொன்னார்கள். நௌக்ரியில் அவருடைய பழைய ப்ரொஃபைல் கிடைத்தது. அதிலிருந்த நம்பருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.30க்கு வாட்ஸ்அப் போட்டேன். எல்லாரும் போடுவதுதான்: "அர்ஜென்ட் ஓப்பனிங், ஃபினிஷிங் மேனேஜர், ராணிப்பேட்டை சிப்காட், நல்ல சம்பளம், உடனே பயோடேட்டா அனுப்பவும்." நீல டிக் அப்போதே விழுந்தது. பதில் இல்லை.

எட்டு நாள் விட்டேன். அடுத்த வாரம் புதன்கிழமை ராத்திரி ஏழரைக்கு இரண்டாவதை அனுப்பினேன். போனில் இன்னும் இருக்கிறது, அப்படியே தருகிறேன்:

"வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா. போன வாரம் எழுதியிருந்தேன், விவரம் சரியாகச் சொல்லவில்லை. ஷூ அப்பர் லெதர், இரண்டு ஸ்பிரே லைன், ஃபினிஷிங் முழுப்பொறுப்பு உங்களுடையது. பகல் ஷிஃப்ட் மட்டும். மாதம் 65 முதல் 75 ஆயிரம். உங்கள் ஊரிலிருந்து தினமும் வந்து போவது கஷ்டம், அதனால் இங்கே வீட்டு வாடகை கம்பெனி தரும். இப்போது மாறும் எண்ணம் இல்லை என்றால் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை போதும். பதில் போடாவிட்டாலும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன், இதற்கு மேல் எழுதவும் மாட்டேன்."

ஒன்பதேகாலுக்கு அவரே போன் பண்ணினார். "மேடம், உங்க முதல் மெசேஜ் வந்தப்ப போன் என் கையில இல்ல" என்றார்.

யார் கையில்? முதலாளியின் மகன் கையில். தோலை அச்சில் இழுத்து மாட்டும் லாஸ்டிங்கில் ஷூவின் மூக்குப் பக்கம் ஃபினிஷ் வெடித்திருக்கிறது என்று கம்ப்ளெயின்ட் போட்டோ வந்திருக்கிறது. அதைப் பெரிதாக்கிப் பார்க்க அந்தப் பையன் போனை வாங்கியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து என் மெசேஜின் நோட்டிஃபிகேஷன் பட்டை இறங்கியது: "அர்ஜென்ட் ஓப்பனிங், ஃபினிஷிங் மேனேஜர்..." பையன் தொட்டுத் திறந்து, முழுதும் படித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனைத் திருப்பிக் கொடுத்தாராம். நீல டிக் அந்த விரலுடையது. நாலு நாள் கழித்து ஒரு புது ஆளை இவர் பக்கத்தில் "கத்துக்கட்டும்" என்று நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் முக்கால்வாசி முதலாளிகள் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம், இல்லை பார்ட்னர். இது தெரிந்தும் முதல் வரியில் வேலையின் பெயரை எழுதினேனே. இரண்டாவதில் முதல் வரி வெறும் குசல விசாரிப்பாக அமைந்தது தற்செயல்.

அவர் சேரவில்லை. பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, இந்த வருஷம் முடியாது என்றார். நான் வீடு தூரம்தான் தடை என்று நினைத்து வாடகையைப் பற்றி எழுதினேன், அது தடையே இல்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஆம்பூர்வாசி

அக்கா, தப்பா நினைக்காதீங்க, எட்டு நாள் ரொம்ப ஜாஸ்தி. அதற்குள் நான் ஒரு லைனையே நிரப்பிவிடுவேன். ஷூ ஸ்டிச்சிங்குக்குப் போன மாதம் 40 பேருக்கு மெசேஜ் போட்டேன், மூன்று பேர்தான் பதில். இரண்டாவது தடவை எழுதவே இல்லை, வாய்ஸ் நோட் போட்டேன். பஸ் எந்த ஊருக்கெல்லாம் வரும், காலையில் எத்தனை மணிக்கு, பீஸ் ரேட்டா மாதச் சம்பளமா, பிஎஃப் பிடிப்பு எவ்வளவு. ஒரு நிமிஷம்கூட இல்லை. மறுநாள் காலை கேட்டில் 11 பெண்கள், கையில் சாப்பாட்டு டப்பாவோடு நிற்கிறார்கள்! இன்டர்வியூ என்று நான் சொல்லியிருந்தேன், அவர்கள் வேலைக்கே கிளம்பி வந்துவிட்டார்கள். செக்யூரிட்டி என்னைத் திட்டியது தனிக்கதை.

இரண்டோடு நிறுத்துவது தப்பு. ஐந்து தடவையாவது கேட்கணும். கேட்டால்தான் கிடைக்கும்.

இரவு ஷிஃப்ட்

நான் மறுபக்கத்து ஆள். வேலூரில் நர்ஸ். ஐந்து தடவை கேட்டால் என்ன கிடைக்கும் தெரியுமா அண்ணா, பிளாக் கிடைக்கும். வாய்ஸ் நோட்டை எங்கே கேட்பது, வார்டிலா?

துபாய் வேலைக்கு இரண்டு ஏஜென்டுகள் ஒரே மாதத்தில் எழுதினார்கள். இரண்டு பேருக்குமே நான் பதில் போடவில்லை, தொடர்ந்து நைட் டியூட்டி. முதல் ஆளின் இரண்டாவது மெசேஜை விடியற்காலை 2.40க்கு, ஒரு பெரியவருக்கு டிரிப் மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தபோது பார்த்தேன். "சிஸ்டர், பார்த்தும் பதில் போடலை. இந்த மாதிரி சான்ஸ் திரும்ப வராது, அப்புறம் எங்களைக் குறை சொல்லாதீங்க." நான் ஏன் உங்களைக் குறை சொல்லப் போகிறேன்? நீங்கள் யார் என்றே எனக்குத் தெரியாதே! கோபத்தில் தூக்கமே போய்விட்டது.

இன்னொருவர் பத்து நாள் கழித்து எழுதினார். முதலில் வணக்கம், அடுத்ததே அவருடைய ரெக்ரூட்டிங் ஏஜென்ட் பதிவு எண், மத்திய அரசின் இமிக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பிறகு, துபாயில் நர்ஸ் லைசென்ஸுக்கான டிஎச்ஏ தேர்வு இன்னும் எழுதாதவர்களையும் எடுக்கிறார்கள், தேர்வுக் கட்டணம் யார் கட்டுவது, ஒப்பந்தம் இரண்டு வருஷம், ஏஜென்ட் கட்டணமாகச் சட்டப்படி 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி வாங்க முடியாது, அவ்வளவுதான். ஏமாற்றுக்காரரோ என்ற பயத்தில்தான் முதல் மெசேஜுக்குப் பேசாமல் இருந்தேன். அதைக் கேட்காமலே புரிந்துகொண்டு எழுதியிருந்தார். எண்ணைப் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. போகலாமா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது.

பாலாற்றங்கரை அக்கா, ராத்திரி ஏழரை எல்லாருக்கும் நல்ல நேரம் இல்லை. எங்களுக்கு அது வார்டை ஒப்படைக்கிற நேரம்.

மூன்றாம் ரவுண்டு

எனக்கும் இதேதான் சார். மூன்று ரவுண்டு இன்டர்வியூ முடிந்து 26 நாள் ஆகிறது. எச்ஆர் போனை எடுப்பதில்லை. இரண்டாவது மெயில் நான் போடலாமா? "ஜஸ்ட் ஃபாலோயிங் அப்" என்று ஆரம்பிக்கலாமா?

காட்பாடி சீசன் பாஸ்

மூன்றாம் ரவுண்டு, இங்கே கேள்வி வேறு. ஆள் தேடுகிறவர் எழுதுவதைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் போடுங்கள், 26 நாள் காத்திருந்ததே அதிகம்.

என் கதை சின்னது. காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய்வரும் சாஃப்ட்வேர் ஆள். ஒரு ரெக்ரூட்டர் லிங்க்ட்இனில், அறிமுகம் இல்லாதவருக்குக் கிரெடிட் செலவழித்து அனுப்பும் இன்மெயில் ஒன்று அனுப்பினார், விட்டுவிட்டேன். அடுத்து, "நோ என்றாவது ஒரு பதில் போடுங்கள் ப்ரோ, ப்ளீஸ்" என்று வந்தது. என்ன மரியாதையான மனுஷன் என்று நினைத்து "நோ தேங்க்ஸ்" போட்டேன். அப்புறம் ஆபீஸ் எச்ஆர் பெண் சொன்னார், 90 நாளுக்குள் எந்தப் பதில் வந்தாலும், மறுத்தாலும்கூட, அவருக்கு இன்மெயில் கிரெடிட் ஒன்று திரும்பக் கிடைக்குமாம். அரக்கோணம் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே போனேன்.

இப்போது யாரும் கேட்காத ஒரு விஷயம். எங்கள் துறையில் பாதிப் பேர் பதில் போடாததற்குக் காரணம் நோட்டீஸ் பீரியட். எனக்கு 90 நாள். முதல் மெசேஜில் "இமீடியட் ஜாய்னர்ஸ் ஒன்லி" என்று பார்த்தால் நான் ஏன் பதில் போட வேண்டும்? வேறொருவர் ஒரு வாரம் கழித்து இப்படி எழுதினார்: "90 நாள் நோட்டீஸ் என்று உங்கள் ப்ரொஃபைலில் பார்த்தேன், டீம் காத்திருக்கச் சம்மதித்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆபீஸ்." மொத்தம் மூன்றே வரி. அன்றைக்கே பேசினேன். அவர் வெறுமனே நினைவூட்டவில்லை பாருங்கள். நடுவில் அந்த ஒரு வாரத்தில் தன் கிளையன்டிடம் போய், கேட்டு, ஒரு சலுகை வாங்கிவந்திருந்தார். அப்படி எதுவும் கையில் இல்லாமல் இரண்டாவது மெசேஜ் எழுத உட்கார்ந்தால் "என் மெசேஜைப் பார்த்தீர்களா" என்பதைத் தவிர என்னதான் எழுத முடியும்?

இன்னொன்று. முதல் மெசேஜுக்குக் கீழேயே எழுதுங்கள். புதுத் தலைப்பில், புது ஐடியிலிருந்து வந்தால் யாரோ வேறு ஆள் என்று நினைத்து அதையும் தள்ளிவிடுவோம். ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பவே கூடாது, அங்கே ஐடி டீம் நினைத்தால் படிக்கலாம். பிடிஎஃப் இணைக்காதீர்கள். ரயிலில் திருவலம் பாலத்தில் சிக்னல் போய்விட்டால் அது பாதியில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆம்பூர்வாசி

சிஸ்டர் சொன்னது சரிதான், ஐந்து என்று சொன்னது மெஷின் ஆபரேட்டருக்கு மட்டும். அவர்கள் பதில் போடாததற்குப் பெரும்பாலும் டேட்டா தீர்ந்திருக்கும், இல்லை போன் வீட்டுக்காரரிடம் இருக்கும். ஃபினிஷிங் டெக்னீஷியனுக்கும் இவர்களுக்கும் ஒரே கணக்குப் போட முடியாது. ஆனால் அக்கா, சம்பளத்தை எழுத்தில் கொடுத்தது தப்பு. அதை வைத்து அவர் தன் முதலாளியிடம் பேரம் பேசுவார்.

பாலாற்றங்கரை

பேசட்டுமே தம்பி. தொகை தெரியாமல் 9 வருஷ அனுபவம் உள்ளவர் எதற்காகப் போனை எடுப்பார்? சம்பளத்தை எழுதக் கூடாது என்று சொல்லும் கிளையன்டுகள் எனக்கும் உண்டு. அவர்களுக்காக எழுதும்போது ஷிஃப்ட்டையும் பொறுப்பையும் மட்டும் சொல்கிறேன், பதில் குறைவாகத்தான் வருகிறது. அதற்கு என்னிடம் வழி இல்லை.

சீசன் பாஸ் சொன்ன சலுகை விஷயம் ஒத்துக்கொள்கிறேன், வாடகையும் நான் கிளையன்டிடம் கேட்டு வாங்கியதுதான். ஆனால் ப்ரொஃபைலில் நோட்டீஸ் பீரியட் தெரிந்த மாதிரி எல்லாக் காரணமும் தெரியாது. பெண்ணின் பரீட்சை எந்தப் ப்ரொஃபைலில் இருக்கும்? நான் ஊகித்தது தப்பு, ஆனாலும் அவர் கூப்பிட்டார். ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "இதுக்கு மேல எழுத மாட்டேன்னு போட்டிருந்தீங்க, அதான் தைரியமா எடுத்தேன்" என்றார். இன்னொரு பட்டை இறங்குமோ என்று எட்டு நாளாக டேனரிக்குள் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம், ஷேடு கார்டைப் போட்டோ எடுக்கக்கூட வெளியே எடுக்கவில்லை.

இப்போது முதல் மெசேஜாக நான் அனுப்புவது இவ்வளவுதான்: "வணக்கம் சார், ராணிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குச் சௌகரியப்படும்போது இரண்டு நிமிஷம் பேசலாமா?" வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதற்கும் பதில் குறைவு, லோன் விற்கிறவள் என்று நினைக்கிறார்கள். விவரமெல்லாம் இரண்டாவதில்தான், அதிலும் மூன்றாவது வரிக்குப் பிறகு.

அவர் இன்னும் அதே டேனரியில்தான் இருக்கிறார். பக்கத்தில் நிறுத்திய புது ஆளும் இருக்கிறாராம், ஷேடு மேட்சிங் நன்றாகவே வந்துவிட்டதாம்.

மூன்றாம் ரவுண்டு

சார், மெயில் போட்டுவிட்டேன். இன்னும் பதில் இல்லை.