முகத்தைக் கழுவிக் கழுவியே பருவை வளர்க்கும் தம்பி

டவுன்காரி:
தம்பிக்கு நெல்லை டவுனில் ஜவுளிக்கடை வேலை. மழை விட்ட புழுக்கத்தில் காலை பத்து மணிக்கே மூக்கும் நெற்றியும் பளபளக்கும். கை ஓய்ந்தால் சோப்போடு குழாயடிக்குப் போய்விடுவான். ராத்திரி வால்நட் ஸ்க்ரப் போட்டுக் கன்னத்தைத் தேய் தேய் என்று தேய்ப்பான். இப்போது தாடை வரைக்கும் சிவந்த பரு. மூக்கோரம் தோல் உரிகிறது, மதியம் அதே மூக்கில் எண்ணெயும் வடிகிறது. யாருக்காவது இப்படி இருந்து சரியானதா?

அம்பை அண்ணாச்சி:
கழுவக் கழுவத் தோல் எண்ணெயைக் கூடுதலாகச் சுரக்கும், அதுதான் விஷயம். கடலைமாவுக்கு மாறச் சொல்லும்மா.

திருச்செந்தூரான்:
எனக்கு நெற்றியில் மட்டும், ஒரே அளவில் பொடிப்பொடியாக, ஒரே அரிப்பு. ஸ்க்ரப்பே போட்டதில்லை. அப்போ நான் எதை நிறுத்த?

பாளை நர்ஸ்:
அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி, அதிகம் கழுவுவது கெடுதல்தான். கழுவினால் சுரப்பு கூடும் என்பது அவ்வளவு உறுதியில்லை, அது பெரும்பாலும் ஹார்மோன் வேலை. தோல் ஓ.பி.யில் நான் பார்ப்பது வேறு. பரு மயிர்க்காலுக்குள் அடைப்பு விழுந்து தொடங்குவது. தேய்ப்பு அங்கே எட்டாது, மேல்தோலைத்தான் கீறும். சோப்பின் காரமும் சேர்ந்தால் தோல் புண்ணாகி, இருக்கிற பரு இன்னும் சிவந்து வீங்கும். நம் நிறத்துக்கு அப்புறம் கரும்புள்ளியாக மாதக்கணக்கில் நிற்கும். கடலைமாவும் தேய்த்தால் ஸ்க்ரப்தான். முகம் கழுவிய கொஞ்ச நேரத்தில் இழுத்துப் பிடித்தாலோ, க்ரீம் பட்டதும் எரிந்தாலோ, கழுவியது அதிகம் என்று அர்த்தம்.

ஆலங்குளம் அம்மா:
என் மகளுக்கும் இதே கதைதான். டாக்டர் முதலில் ஸ்க்ரப்பையும் சோப்பையும் நிறுத்தினார். காலையும் ராத்திரியும் மட்டும் மென்மையான ஃபேஸ்வாஷ், மேலே எண்ணெய் இல்லாத ஜெல் மாய்ஸ்சரைசர், வெளியே போனால் சன்ஸ்க்ரீன். நடுவில் வியர்த்தால் துணியால் ஒற்றி எடுப்பாள், தேய்க்க மாட்டாள். எரிச்சல் அடங்கிய பிறகுதான் அடாபலீன் 0.1% ஜெல்: பட்டாணி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி, பரு மேல் மட்டும் இல்லை, பரு வருகிற இடம் முழுக்க. ஆரம்பத்தில் பரு கூடின மாதிரி இருந்து பயந்துவிட்டோம். தெளிய மூன்று மாதம் ஆனது.

பாளை நர்ஸ்:
அந்த அடாபலீன் ஜெல் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அவசரப்பட்டு மெடிக்கலில் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், வெளுத்த மாதிரி காட்டிவிட்டுப் பருவைக் கிளப்பிவிடும். திருச்செந்தூராரே, அரிப்போடு ஒரே அளவில் இருந்தால் அது ஈஸ்ட் என்ற பூஞ்சை கிளப்பும் வேறு சிக்கலாக இருக்கலாம், மருந்தும் வேறு. டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தலைக்கு எண்ணெய் தேய்த்து ஹெல்மெட் போடுகிறீர்களா?

திருச்செந்தூரான்:
தினமும். எண்ணெய் வைக்காமல் அம்மா வாசல் தாண்ட விடமாட்டாங்க.

டவுன்காரி:
ஸ்க்ரப்பை ஒளித்து வைத்துவிட்டேன். சோப்புதான் கடையிலேயே கிடக்கிறது.