[கலைச்சொல்] ஒரே துண்டை ஒருமுறை மட்டும் சேமிப்பதற்கு என்ன சொல்லலாம்?

சுகந்தி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

வணக்கம். எங்கள் கொலுசுப் பட்டறைக் கணக்கை தினமும் ராத்திரி தேதி போட்ட ஜிப் கோப்பாக்கி, கடவுச்சொல் வைத்து வெளி டிஸ்கில் போட்டுவந்தேன். டிஸ்க் நிறைந்ததால் ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரலுக்கு மாறினேன். கூடவே அதற்குத் தமிழில் ஒரு கையேடும் எழுதுகிறேன். டீடூப்ளிகேஷனுக்கு "நகல்நீக்கம்" என்று எழுதியிருக்கிறேன். சரியா?

இன்னொன்று. பழையது மறுபடி சேராது என்றார்கள். ஆனால் தினமும் இப்படித்தான் வருகிறது:

```
Added to the repository: 90.412 MiB (90.437 MiB stored)
```

ஜிப்பின் அளவே 90 தான். அப்படியானால் எதுவும் மிச்சமாகவில்லையே?

மணிவண்ணன், ஏற்காடு

நகல்நீக்கம் என்று படித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. காப்பித் தோட்டப் படங்களை வேண்டுமென்றே இரண்டு ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். இதை ஓட்டினால் ஒன்றை அழித்துவிடுமா?

இளங்கோ, அஸ்தம்பட்டி

அழிக்காது மணி அண்ணா. உங்கள் கணினியில் எதையும் தொடாது. மீட்டெடுத்தால் இரண்டு ஃபோல்டரும் அப்படியே வரும். ஆனால் உங்களுக்கு வந்த இந்தப் பயமே அந்தச் சொல் கூடாது என்பதற்குக் காரணம். நாம் ஏற்கெனவே பேக்கப்பைக் "காப்புநகல்" என்கிறோம். பக்கத்திலேயே "நகல்நீக்கம்" வந்தால் பேக்கப்பை அழிப்பது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இங்கே நடப்பது நீக்குவது அல்ல, சேர்க்காமல் விடுவது. ரெஸ்டிக் கோப்பைச் சராசரியாக 1 மெபிபைட் துண்டுகளாக வெட்டுகிறது. எங்கே வெட்டுவது என்பதை உள்ளடக்கமே தீர்மானிக்கிறது. அதனால் நடுவில் ஒரு வரி நுழைந்தாலும் அந்த இடத்துத் துண்டு மட்டும் மாறும், அடுத்த வெட்டுகள் பழைய இடங்களிலேயே விழும். ரெஸ்டிக் துண்டுகளைச் சேர்த்துவைக்கும் கிடங்கில் ஏற்கெனவே இருக்கும் துண்டு மறுபடி போகாது. "ஒற்றைச்சேமிப்பு" என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

பரிமளா, சூரமங்கலம்

சுகந்தி, 90 வருவதற்குக் காரணம் குறியாக்கம். ரெஸ்டிக் எல்லாவற்றையும் குறியாக்குகிறது இல்லையா, அதனால் நேற்றையதும் இன்றையதும் ஒன்றென்று அதற்கே தெரியாது. ஒற்றைச்சேமிப்பு வேண்டுமென்றால் குறியாக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இளங்கோ

காரணம் குறியாக்கம்தான் அக்கா, ஆனால் ரெஸ்டிக்குடையது இல்லை. அது முதலில் வெட்டி ஒப்பிடும், அப்புறம் சுருக்கும், கடைசியில்தான் குறியாக்கும். போர்க் என்ற இன்னொரு பேக்கப் நிரலும் இதே வரிசைதான். சுகந்தி கடவுச்சொல் போட்டு ஜிப் செய்யும்போது, உள்ளே அதே கணக்கு இருந்தாலும் பைட்டுகள் ஒவ்வொரு ராத்திரியும் புதிதாக வருகின்றன. கடவுச்சொல் இல்லாத ஜிப்பிலும் மாற்றம் நடந்த இடத்துக்குப் பின்னால் பெரும்பகுதி வேறாகிவிடும்.

ஜிப்பை விட்டுவிட்டு டேட்டாபேஸை நேராக உள்ளே அனுப்பிப் பாருங்கள்:

```
restic backup --stdin-filename kolusu.sql \
  --stdin-from-command -- \
  mysqldump --single-transaction kolusu
```

இதற்கு 0.17 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும். பழைய பதிப்புகளில் `|` போட்டு `--stdin`க்கு அனுப்புவார்கள். அதில் ஒரு ஆபத்து: டம்ப் பாதியில் நின்றாலும் அந்தப் பாதியையே முழு பேக்கப்பாகச் சேமித்துவிடும். இதில் டம்ப் தோற்றால் பேக்கப்பும் தோற்றதாகவே காட்டும்.

சுகந்தி

முதல் ராத்திரி டம்ப் முழுவதும் போனது. இரண்டாம் ராத்திரி:

```
Added to the repository: 14.210 MiB (2.304 MiB stored)
```

600 மெகாபைட் டம்புக்கு இவ்வளவுதான்! கையேட்டில் "ஒற்றைச்சேமிப்பு" என்றே மாற்றிவிடட்டுமா?

பரிமளா

குறியாக்க விஷயத்தில் இளங்கோ சொன்னது சரி. ஆனால் இந்தச் சொல்லில் எனக்கு ஒரு உறுத்தல். ஒற்றை என்றால் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று பொருள். அந்த ஒரு துண்டு டிஸ்கில் கெட்டால் அதைப் பயன்படுத்தும் எல்லா நாட்களின் பேக்கப்பும் சேர்ந்து கெடும். சுகந்தியின் பழைய ஜிப்களில் ஒன்று கெட்டால் அந்த ஒரு நாள்தான் போயிருக்கும்.

இளங்கோ

உண்மைதான். ஆனால் சொல் அதை மறைக்கவில்லை, வெளியே காட்டுகிறது. அதனால்தான் எனக்கு அது பிடித்திருக்கிறது. வெறும் `restic check` துண்டுகளைப் படித்துப் பார்க்காது என்பதைக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள் சுகந்தி. `restic check --read-data-subset=1/7` என்று ஒரு நாள், மறுநாள் 2/7, இப்படி ஓட்டினால் வாரத்தில் முழுக் கிடங்கும் படிக்கப்பட்டுவிடும். இன்னொரு டிஸ்கில் இன்னொரு கிடங்கும் வேண்டும்.

மணிவண்ணன்

என் வீட்டிலும் தோட்ட அலுவலகத்திலும் தனித்தனிக் கிடங்கு இருக்கிறது. இரண்டிலும் அதே படங்கள். அவை ஒன்றையொன்று பார்த்து மிச்சம் பிடிக்குமா?

இளங்கோ

பிடிக்காது அண்ணா, ஒரு கிடங்குக்குள் மட்டும்தான். இரண்டு கணினியும் ஒரே கிடங்குக்கு அனுப்பினால் பிடிக்கும். உங்களுக்கு இப்போது இருப்பதே நல்லது, அப்படியே விடுங்கள்.

பரிமளா

அப்படியானால் "கிடங்குக்குள் ஒற்றைச்சேமிப்பு" என்று முதல் தடவை விரித்து எழுதட்டும். "மீள்சேரா முறை" என்றொரு சொல்லையும் நான் முன்வைக்கிறேன், மற்றவர்கள் சொல்லுங்கள்.