மிஞ்சிய சோறும் முட்டைக்கோசும்: ஒன்றாகப் போட்டால் ஏன் குழைகிறது?

மாலதி: குளிர்பதனப் பெட்டியில் நேற்றைய சோறு 3 கோப்பை, பாதி முட்டைக்கோஸ், 3 முட்டைகள் இருக்கின்றன. கடைக்குப் போக இயலாது. சென்ற முறை எல்லாவற்றையும் ஒன்றாக வதக்கியபோது குழைந்துவிட்டது. தவறு எங்கே?

கதிரவன்: தவறு சோற்றில்தான் இருந்திருக்கும். சூடான சோற்றை வதக்கினால் குழையும். குளிர்ந்த சோறாக இருந்தால் உதிரியாக வரும். முட்டைக்கோசை உப்புடன் முதலில் வதக்கி, அதன்மேல் சோற்றைக் கொட்டி, இறுதியில் முட்டையை ஊற்றிக் கிளறுங்கள்.

வசந்தா: குளிர்ந்த சோறு நல்லது என்பதை ஏற்கிறேன், மற்றவற்றை ஏற்க முடியவில்லை. முட்டைக்கோசில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். தொடக்கத்திலேயே உப்பிட்டால் அந்த நீர் வாணலியில் இறங்கும். அதில்தான் சோறு ஊறிக் குழைகிறது. கடைசியில் ஊற்றும் முட்டையோ, பருக்கைகளில் ஒட்டிப் பசையாகிவிடும்.

முதலில் முட்டையைப் பாதி வேகும்வரை மட்டும் கிளறி எடுத்துவிடுங்கள். பிறகு தீயைக் கூட்டி, மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோசை உப்பின்றி, மூடாமல், இரண்டு தவணையாக வதக்குங்கள். வாணலி சடசடவென்று பொரியும் ஓசை தர வேண்டும்; அது கொதிக்கும் ஓசையாக மாறினால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். ஓரங்கள் பழுப்பானதும் எடுத்துவிட்டு, கட்டிகளை உதிர்த்த சோற்றைப் பரப்பி ஒரு நிமிடம் கிளறாமல் விடுங்கள். பிறகு அனைத்தையும் சேர்த்து உப்பிடுங்கள். 3 கோப்பைச் சோற்றுக்கு உங்களிடமுள்ள முட்டைக்கோசில் பாதியே போதும்.

கதிரவன்: மூன்று முறை எடுத்து வைப்பது விரைவான சமையலா? உப்பில்லாமல் வதக்கிய முட்டைக்கோஸ் சப்பென்று இருக்கும்.

வசந்தா: ஒரு தட்டும் ஐந்து நிமிடமும்தான் கூடுதல். உப்பு உள்ளே இறங்கியே ஆக வேண்டுமென்றால், நறுக்கியதைக் கால் மணி நேரம் உப்பில் பிசறி வைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு வதக்கலாம்.

யூசுப்: நான் இரவு முழுவதும் அடுப்பு மேடையில் இருந்த சோற்றைத்தான் வதக்குவேன். பெட்டியில் வைத்தால் விறைத்துவிடுகிறது. பெருந்தீயில் எல்லாக் கிருமியும் செத்துவிடுமே.

வசந்தா: இங்கே கேள்வி அதுவல்ல என்றாலும் சொல்லியாக வேண்டும். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்த பின்னும் உயிரோடிருக்கும். அறை வெப்பத்தில் அவை முளைத்துப் பெருகி உருவாக்கும் வாந்தி நஞ்சு வதக்கினாலும் அழியாது, மணத்திலும் தெரியாது. அப்படிப்பட்ட சோற்றைக் கொட்டிவிடுங்கள். மாலதி, உங்களுடையது சமைத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பெட்டிக்குப் போனதா?

மாலதி: ஒரு மணி நேரத்திற்குள் வைத்துவிட்டேன். சொன்னபடி செய்தேன்; சோறு உதிரியாக வந்தது. ஆனால் என் அடுப்பில் தீ குறைவு என்பதால் இரண்டாம் தவணை முட்டைக்கோஸ் நீர் விட்டது.

கதிரவன்: அதற்குத்தான் முதலிலேயே பிழிந்திருக்க வேண்டும்.

வசந்தா: அல்லது மூன்று தவணையாகப் போட்டிருக்க வேண்டும். பிழிந்ததில் அந்த மொறுமொறுப்பு வராது.