மாறலைன்னா ஃப்ளாட் கேரக்டரா? டார்சி நிஜமாவே மாறினாரா?

இரவுவாசகி: ஜேன் ஆஸ்டினோட 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' இப்பதான் முடிச்சேன். கடைசில மாறியிருந்தா ரவுண்ட், மாறலைன்னா ஃப்ளாட், அவ்ளோதானே? அப்ப ஹீரோ டார்சி ரவுண்ட், ஹீரோயின் எலிசபெத்தோட அப்பா ஃப்ளாட்டா?

மழைக்குருவி: ஆமா, சரிதான். டார்சி தலைகீழா மாறிட்டாரு, அப்பா அப்படியே இருக்காரு.

பழையபக்கம்: இல்லைங்க, இது ரெண்டு தனித்தனி கேள்வி. ரவுண்ட், ஃப்ளாட்னு பிரிச்ச நாவலாசிரியர் ஃபார்ஸ்டர், ரவுண்டுக்கு 1927ல சொன்ன சோதனை மாற்றத்தைப் பத்தினதே இல்ல, நம்மள ஆச்சரியப்படுத்தி அதை நம்பவும் வைக்கிற ஆளாங்கறதுதான். அந்த அப்பாவையே பாருங்க. எல்லாத்தையும் கிண்டலடிச்சிட்டு இருந்த மனுஷன், கடைசிப் பொண்ணு லிடியா விக்கம்கூட ஓடிப்போனதும் லண்டன்ல தேடி வெறுங்கையோட திரும்பி, தப்பு என்னோடதுதான்னு எலிசபெத்கிட்ட ஒத்துக்கறாரு, அதே மூச்சுல இந்த உறுத்தல் சீக்கிரம் போயிடும்னும் சொல்றாரு. போயிடுது, கொஞ்ச நாள்லயே விக்கம்ம வச்சு பழையபடி கிண்டல். மாறவே இல்ல, ஆனா அந்த ஒத்துக்கறத நாம எதிர்பார்த்தோமா? ஃப்ளாட்னா அவங்க சொந்தக்காரப் பாதிரியார் காலின்ஸ். அந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்றேன்னு எழுதற லெட்டர்லயே, பொண்ணு செத்திருந்தாகூட தேவலன்னு எழுதறாரு, படிக்கும்போது அவர் வேற மாதிரி எழுதுவாருன்னு தோணவே தோணாது.

கோட்டோவியம்: என் நாவல்ல ஒரு அம்மா இருக்காங்க, படிச்சுப் பாத்தவங்க எல்லாம் ஃப்ளாட்னு சொன்னாங்க, கடைசி சாப்டர்ல திடீர்னு மனசு மாற வச்சேன், இப்ப யாரும் நம்பலங்கறாங்க...

பழையபக்கம்: ஆச்சரியம் வந்துருச்சு, நம்பிக்கை வரல. முதல்லயே அவங்களுக்குள்ள ஒரு இழுபறி இருந்திருக்கணும், அது நடுவுல எங்கயாவது தெரிஞ்சிருக்கணும்.

மழைக்குருவி: சரி, டார்சி மாறினது உண்மைதானே?

பழையபக்கம்: எவ்ளோங்கறதுதான் கேள்வி. நாலு வயசுலேர்ந்து பாக்கறேன், ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லன்னு அவர் வீட்டைப் பாத்துக்கற அம்மா சொல்றாங்களே. அந்த நல்லகுணம் பழசு, எலிசபெத்துக்குதான் லேட்டா தெரியுது. அதனால நான் ஒரே மாதிரி சூழ்நிலை ரெண்டு தடவை வர்ற இடத்தைத்தான் எடுத்து வச்சுப் பாப்பேன். முதல் தடவை கல்யாணத்துக்குக் கேக்கும்போது அவ குடும்பத்தை மட்டம் தட்டிக்கிட்டே, எப்படியும் சரின்னுதான் சொல்வாங்கற நினைப்புல நிக்கறாரு. ரெண்டாவது தடவை, உன் மனசு மாறலைன்னா ஒரு வார்த்தை சொல்லு, இனிமே இதைப் பேசவே மாட்டேன்ங்கறாரு. கொள்கையில இல்ல, நடந்துக்கிட்ட விதத்துலதான் சுயநலமா இருந்தேன்னு அவரே சொல்றாரு. மாறின அளவு அவ்ளோதான், ஆனா அது சின்னது இல்ல.

இரவுவாசகி: அவ கிடைக்கணும்னு மாறினதா இருக்கலாமே?

மழைக்குருவி: அப்படின்னா லிடியா கல்யாணத்துக்குப் பணம் கொடுத்ததை ஏன் மறைக்கணும்? யாருக்கும் தெரியக்கூடாதுன்னுல்ல சொல்லி வச்சாரு.

இரவுவாசகி: ஆனா எலிசபெத் நன்றி சொல்லும்போது, உன்னை மட்டும்தான் நினைச்சேன்னு அவர் வாயாலயே வருதே. அவ சம்பந்தமே இல்லாத ஒருத்தருக்காக அவர் அப்படி இறங்கிப் போற சீன் ஒண்ணாவது இருக்கா? நான் தேடினேன், கிடைக்கல.

பழையபக்கம்: அது நல்ல கேள்வி. எனக்கும் உடனே ஒண்ணும் ஞாபகம் வரல, அந்தக் கடைசி பகுதியைத் திரும்பப் படிச்சுட்டு வர்றேன்.